நேர்காணலும் தேர்வும் ஒரே நாளில்!

கேள்வி: எம்.காம். கடைசி செமஸ்டர் படிக்கிறேன். சென்னை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு வேலைக்கு வியாழன் காலை 11 மணிக்கு ஆன்லைன் நேர்காணல் என்று மெயில் வந்திருக்கிறது. அன்று 10 முதல் 1 மணி வரை எனக்கு செமஸ்டர் தேர்வு. வேறு நேரம் கேட்டால் ஆர்வமில்லாதவள் என்று ஒதுக்கிவிடுவார்களா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தேர்வு என்பது யாரும் குறை சொல்ல முடியாத காரணம். கேட்பதால் பெயர் கெடாது. புதன் இரவு வரை தயங்கிவிட்டுக் கேட்டால்தான் கெடும். இன்றே கேளுங்கள்.

ஹெச்.ஆர். பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உங்களை நேர்காணல் செய்யப்போகிற மேலாளர்கள் இரண்டு மூன்று பேரின் ஓய்வு நேரத்தைப் பொருத்தித்தான் அந்த 11 மணியைப் பிடித்திருப்பார்கள். “வேறொரு நாள் வைக்க முடியுமா?” என்று மொட்டையாகக் கேட்டால் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீங்களே இரண்டு மூன்று நேரங்களைக் கொடுத்தால் வேலை பாதியாகும்.

மெயிலில் எண் இருந்தால் அலுவலக நேரத்தில் ஒரு போன் செய்து சொல்லுங்கள். அப்புறம், அழைப்பு வந்த அதே மெயிலுக்கே பதில் எழுதுங்கள். புதிதாக ஒன்று அனுப்பினால், நூறு பேருக்கு நேர்காணல் வைப்பவர் நீங்கள் யார் என்று தேட வேண்டியிருக்கும். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதினாலும் விஷயம் இதுதான்:

“நேர்காணலுக்கு அழைத்ததற்கு நன்றி. வியாழன் காலை 10 முதல் 1 வரை எனக்குப் பல்கலைக்கழகத் தேர்வு இருப்பதால் 11 மணிக்குக் கலந்துகொள்ள இயலவில்லை. அன்றே மாலை 4 மணிக்கு மேலோ, வெள்ளி அல்லது சனி எந்த நேரத்திலோ வர முடியும். விளம்பரத்தில் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் பணி என்று பார்த்தேன். என் புராஜெக்ட்டும் அதில்தான் என்பதால் இந்த வேலையில் எனக்கு மிகுந்த விருப்பம். கேட்டிருந்த சான்றிதழ்களை இப்போதே இணைத்திருக்கிறேன்.”

விருப்பத்தைக் காட்டுவது கடைசி இரண்டு வாக்கியங்கள். உங்கள் புராஜெக்ட் வேறு என்றால் அதற்கேற்றபடி மாற்றுங்கள், இல்லாததை எழுத வேண்டாம். ஐந்து முறை மன்னிப்புக் கேட்பதும், “இது என் கனவு வேலை” என்பதும் தேவையில்லை. ஹால் டிக்கெட்டை அவர்கள் கேட்டால் அனுப்பினால் போதும்.

ஆர்வத்தில் “புதன் மாலையே வருகிறேன்” என்று சொல்லிவிடாதீர்கள். மறுநாள் தேர்வை வைத்துக்கொண்டு இரண்டையும் சொதப்ப வேண்டாம். வியாழன் 4 மணி என்றதும் அதனால்தான். தேர்வு முடிந்து வீடு வந்து, சாப்பிட்டு, லேப்டாப் முன் உட்கார அவ்வளவு நேரம் ஆகும்.

காலண்டர் அழைப்பும் வந்திருந்தால், பதில் வரும்வரை ‘டிக்ளைன்’ பொத்தானை அழுத்தாதீர்கள். வெறும் மறுப்பு மட்டும் போய்ச் சேர்ந்தால் விலகிவிட்டீர்கள் என்று நினைக்கக்கூடும். மறுநாள் மதியம் வரை பதில் இல்லையென்றால் ஒருமுறை போன் செய்யுங்கள். புது நேரம் வந்ததும் “சரி, வருகிறேன்” என்று ஒரு வரி எழுதி, மீட்டிங் லிங்க் மாறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மாற்றவே முடியாது என்றால், தேர்வை எழுதுங்கள்.