கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிப்பது ஏன்?

கேள்வி: போன மாதமே கமிஷன் வாங்கிவிட்டேன். வாடிக்கையாளர் இப்போது பொருளைத் திருப்பிக் கொடுத்ததற்கு என் கமிஷனில் ஏன் பிடிக்கிறார்கள்?

கமிஷன் என்பது நிலைத்த விற்பனைக்கான பங்கு. பொருள் திரும்பி வந்தால் கடை பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பங்கு போட அங்கே பணமே இல்லை. அதனால் அந்தப் பொருளுக்குக் கொடுத்த கமிஷனை இந்த மாதக் கணக்கில் கழிக்கிறார்கள். மீதிதான் நிகரக் கமிஷன். மளிகைக் கடைப் பற்று நோட்டைப் போலத்தான். போன மாதம் வாங்கிய தேங்காய் அழுகலாக இருந்தால், அண்ணாச்சி பழைய பக்கத்தை அடிக்க மாட்டார்; இந்த மாதப் பக்கத்தில் கழித்துக்கொள்வார்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஜூனில் இலக்கைத் தாண்டியதால் உங்களுக்கு 3% கமிஷன். அதில் 40,000 ரூபாய் ஃபிரிட்ஜுக்குக் கிடைத்தது 1,200. ஜூலையில் இலக்கு எட்டவில்லை, 2% தான். 3,00,000 ரூபாய் விற்பனைக்கு 6,000. ஃபிரிட்ஜ் ஜூலையில் திரும்பி வருகிறது. கழிக்க வேண்டியது 1,200, நிகரம் 4,800.

தகராறு வருவது இங்கேதான். விற்ற மாதத்து விகிதத்தில் கழிப்பதே பொருத்தம். ஜூலை விகிதத்தில் கழித்தால் 800 தான் வரும். கடைக்கு 400 நட்டம். விகிதங்கள் தலைகீழாக, ஜூனில் 2%, ஜூலையில் 3% என்று இருந்தால் நட்டம் உங்களுக்கு! அப்புறம், அந்த ஃபிரிட்ஜ் போனதால் ஜூன் விற்பனை இலக்குக்குக் கீழே இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். சில இடங்களில் அந்த மாதம் முழுவதையும் குறைந்த விகிதத்தில் மறுபடி கணக்கிடுவார்கள். ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறதா என்று படித்துவிடுங்கள்.

பலர் இதை அபராதம் என்று நினைக்கிறார்கள். அந்த ஃபிரிட்ஜுக்காக வாங்கிய 1,200 திரும்புகிறதே தவிர, அதற்குமேல் தண்டத் தொகை எதுவும் இதில் இல்லை.