ஆட்ஸ் மேனேஜரில் ரோவாஸ் 4, கையில் காசு இல்லை: கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி: இளம்பிள்ளையில் புடவை எடுத்து, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் விளம்பரம் போட்டு சொந்த வெப்சைட்டில் விற்கிறேன். ஆட்ஸ் மேனேஜரில் ரோவாஸ் 4 காட்டுது, ஆனா மாசக் கடைசியில் கையில் ஒண்ணும் நிக்கல. ரோவாஸ், சிஏசி இரண்டையும் எப்படிக் கணக்குப் போடணும்?

பதில்:

விளம்பரத்துக்குப் போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை வந்தது என்பதுதான் ரோவாஸ். அந்த 4 பொய்யில்லை. ஆனால் அது மெட்டா தன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் கணக்கு. உங்கள் கல்லாவுக்கு எது வந்து சேர்ந்தது என்பது அதற்குத் தெரியாது. சின்ன ஆன்லைன் கடைகளுக்குக் கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. உங்களைப் போல் கேட்பவர்களில் பெரும்பாலோர் கேஷ் ஆன் டெலிவரி கொடுப்பவர்கள். நீங்களும் கொடுப்பீர்கள் என்றே நினைக்கிறேன். எண்கள் தராததால் ஒரு மாதக் கணக்கை நானே எடுத்துக்கொள்கிறேன், உங்கள் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

விளம்பரச் செலவு ரூ.60,000. புடவை விலை ரூ.1,200. ஆட்ஸ் மேனேஜர் 200 பர்ச்சேஸ் காட்டுகிறது. மதிப்பு 2,40,000, அறுபதாயிரத்தால் வகுத்தால் 4. ஒரு பர்ச்சேஸுக்கு 300 ரூபாய் செலவு. இதுவரை எல்லாம் அழகுதான்.

இப்போது வெப்சைட்டின் ஆர்டர் லிஸ்டைத் திறங்கள். எல்லா வழியிலும் வந்தது சேர்த்தே அந்த மாதம் 210 ஆர்டர்தான் என்று வைப்போம். அதில் 200-ஐ மெட்டா தன்னுடையது என்கிறது. நீங்கள் பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் புதுப் புடவைப் படம் அனுப்புகிறவர் என்றால் இது நம்பும்படியாக இல்லை. காரணம், எந்த விற்பனையை விளம்பரத்தின் கணக்கில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் அட்ரிபியூஷன் செட்டிங். பொதுவாக அது 7-day click, 1-day view என்று இருக்கும். விளம்பரத்தைத் தட்டி 7 நாளுக்குள் வாங்கினாலும் மெட்டாவின் கணக்கு. தட்டவே இல்லை, திரையில் ஓடியது, அடுத்த 24 மணி நேரத்துக்குள் உங்கள் வாட்ஸ்அப் லிங்க் வழியாக வந்து வாங்கினார் என்றாலும் மெட்டாவின் கணக்குதான். Columns மெனுவில் Compare attribution settings என்று ஒன்று உண்டு. அதில் இரண்டையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். வியூ பக்கம் கனமாக இருந்தால், வாட்ஸ்அப் செய்த வேலைக்கு விளம்பரம் பெயர் வாங்குகிறது என்று சந்தேகப்படலாம். ஆனால் எந்த ஆர்டர் யாரால் வந்தது என்று ஒவ்வொன்றாகப் பஞ்சாயத்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மொத்தச் செலவு, மொத்த வரவு என்று எடுத்துக்கொள்வதே மேல்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில். உங்கள் வெப்சைட்டில் நடப்பதை மெட்டாவுக்குச் சொல்லும் பிக்ஸல் எப்போது பர்ச்சேஸ் என்று பதிகிறது? ஆர்டர் உறுதியாகி நன்றிப் பக்கம் வந்தவுடன். காசு வந்ததா, பார்சல் போய்ச் சேர்ந்ததா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. 210-ல் 150 கேஷ் ஆன் டெலிவரி. 45 பார்சல் “வேண்டாம்”, “போன் எடுக்கவில்லை” என்று ஆர்டிஓ ஆகித் திரும்பி வந்தது. ஆக விற்றது 165 மட்டுமே. 1,200-க்குள் 5% ஜிஎஸ்டி இருக்கிறது, அது உங்கள் பணம் இல்லை. அதைக் கழித்தால் ஒரு புடவைக்கு 1,143. மொத்த வரவு 1,88,571. உண்மையான ரோவாஸ் 3.14.

(விளம்பர பில்லில் 18% ஜிஎஸ்டி தனி. ஆட்ஸ் மேனேஜர் செலவில் அது சேராது. விளம்பரக் கணக்கில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருந்தால் இன்புட் கிரெடிட் எடுக்கலாம். கொடுக்கவில்லை என்றால் செலவை 70,800 என்றே போடுங்கள்.)

3.14 நல்லதா கெட்டதா? மார்ஜின் தெரியாமல் சொல்ல முடியாது. புடவை அடக்கம் 620, கூரியர் 80, பேக்கிங் 25, பணம் வசூலிக்கும் கட்டணம் 30. 1,143-ல் இவை போனால் கையில் நிற்பது 388. திரும்பி வந்த ஒவ்வொரு பார்சலுக்கும் போக வர கூரியர், வீணான பேக்கிங் என்று 185 நஷ்டம்.

```
165 × 388            = 64,020
45 × 185             =  8,325
மீதி                  = 55,695
விளம்பரம்             = 60,000
நிகரம்                = -4,305
```

திரையில் 4, கையில் நாலாயிரத்துச் சொச்சம் நஷ்டம். கட்டுப்படியாகும் ரோவாஸ் எது என்றால், 1,88,571-ஐ 55,695-ஆல் வகுங்கள்: 3.39. உங்களுடையது 3.14. திரையின் 4-க்கு நிஜத்தில் 3.14 என்ற விகிதம் மாறாமல் இருந்தால், திரையில் 4.3-ஆவது தெரிந்தால்தான் கை கடிக்காது. தினசரி பட்ஜெட்டைக் கூட்டவோ குறைக்கவோ இந்த 4.3-ஐப் பாருங்கள். போன மாதக் கணக்கை ஒன்றாம் தேதியே போடாதீர்கள். ஆர்டிஓ பார்சல்கள் திரும்பிவர இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும்.

சிஏசிக்கு வருவோம். திரையில் உள்ள Cost per purchase சிஏசி ஆகாது. அது ஒரு ஆர்டருக்கான செலவு. சிஏசி என்பது ஒரு புது ஆளைப் பிடிக்க ஆன செலவு. டெலிவரி ஆன 165 ஆர்டரின் போன் நம்பர்களை எக்ஸெலில் போட்டு, பழைய ஆர்டர்களோடு ஒப்பிடுங்கள். +91, முன்னால் வரும் 0 எல்லாம் எடுத்துவிட்டுக் கடைசி 10 இலக்கத்தை வைத்தே தேடுங்கள், இல்லாவிட்டால் பழைய ஆளே புது ஆளாகத் தெரிவார். 55 பேர் பழையவர்கள், 110 பேர் புதியவர்கள் என்று வருகிறது. ரீல்ஸ் எடுத்தவருக்குக் கொடுத்த 6,000-மும் விளம்பரச் செலவுதான். ஆக 66,000-ஐ 110-ஆல் வகுத்தால் 600. திரையில் பார்த்த 300-க்கு நேர் இரட்டிப்பு. செலவு முழுவதையும் புதியவர்கள் தலையில் கட்டுவது கொஞ்சம் கடுமையான கணக்குதான், பழையவர்களில் சிலரையும் விளம்பரம் இழுத்திருக்கும். ஆனாலும் கடையை விரிவாக்க நினைக்கும்போது கடுமையான கணக்கே உதவும்.

ஆர்டிஓ நஷ்டத்தைப் பங்கிட்டால் முதல் புடவையில் ஒருவரிடம் கிடைப்பது சுமார் 337. பிடிக்க ஆனதோ 600. மீதி 263-ஐ இரண்டாவது புடவையில்தான் எடுக்க வேண்டும், அதுவும் விளம்பரச் செலவில்லாமல். 263-ஐ 388-ஆல் வகுத்தால் 0.68. புதிதாக வரும் 100 பேரில் 68 பேர் இன்னொரு தடவை வாங்கினால்தான் போட்டது திரும்பும். ஆறு மாதம் முன்பு முதல்முறை வாங்கியவர்களை அதே போன் நம்பர் லிஸ்டில் தேடி, எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கு 25 பேர் என்று வந்தால் பட்ஜெட்டை ஏற்றுவது நஷ்டத்தை ஏற்றுவதுதான்.

முதலில் எதைச் சரிசெய்வது என்று கேட்டால் ஆர்டிஓவைத்தான் சொல்வேன். கேஷ் ஆன் டெலிவரிக்கு 100 ரூபாய் முன்பணம் யுபிஐயில் வாங்குங்கள். திரும்பி வரும் 45-ல் 25 பேர் முன்பணம் என்றதும் ஓடிவிடுவார்கள் என்று வையுங்கள். விற்பனை அதே 165, ஆர்டிஓ 20, ரீல்ஸ் செலவைச் சேர்க்காமல் பார்த்தால், நஷ்டம் போய் 320 ரூபாய் லாபம். வாங்க இருந்த சிலரும் முன்பணத்தால் நழுவுவார்கள். அப்படி நழுவும் ஒவ்வொருவருக்கும் 388 குறையும், அதனால் இரண்டு வாரம் சோதித்துப் பாருங்கள். அந்த 25 பர்ச்சேஸ் இல்லாததால் திரையில் ரோவாஸ் 4-லிருந்து 3.5-க்கு இறங்கும். அதைப் பார்த்து விளம்பரத்தை நிறுத்திவிடாதீர்கள். பார்சலைத் திருப்பி அனுப்புகிறவர்களையும் பர்ச்சேஸ் என்று சொல்லிக் கொடுக்கும்வரை, மெட்டா அதே மாதிரி ஆட்களைத்தான் தேடிக் கொண்டுவரும்.