லைன் இருக்கு என்றால் எந்த லைன்?

"வாடகை வீட்டில் ஃபைபர் லைன் ஏற்கெனவே இருக்கு, அப்படியே எடுத்துக்கலாம்னு ஓனர் சொல்றார். நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?"

சுவரில் ஒயர் தொங்குவதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். மோடம் இருந்தால் கரண்ட் கொடுத்து இரண்டு நிமிடம் பாருங்கள். PON விளக்கு நிலையாகப் பச்சையில் எரிந்தால் லைன் உயிரோடு இருக்கிறது. LOS சிவப்பாக மினுக்கினால் ஒளி வந்து சேரவில்லை. நான் குடிபோன வீட்டில் ஜன்னல் கதவு ஒயரை நசுக்கியிருந்தது.

பச்சை எரிந்தாலும் இணைப்பு யார் பெயரில், பாக்கி உண்டா, புது ஒயருக்குத் துளை போட விடுவாரா என்று ஓனரிடம் கேளுங்கள். அப்புறம் இன்டர்நெட் கம்பெனிக்குக் கதவு எண்ணைச் சொல்லி, அந்தக் கட்டடத்துக்கான ஃபைபர் பெட்டியில் காலி போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். "உங்க ஏரியாவில் இருக்கு சார்" என்ற பதில் போதாது.

வேலை செய்யப்போகும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மொபைலில் ஒரு கால் பேசி, சிக்னல் எப்படி என்றும் பார்த்துவிடுங்கள்.