காகிதம் சமர்கந்துக்கு எப்படிப் போனது? கேள்வி பதில்

கி.பி. 105-ல் சீன அரசவை அதிகாரி காய் லுன் காகிதத்தைக் கண்டுபிடித்தார் என்றுதான் படித்தோம். அது பொய்யா?

பொய் இல்லை, பாதி உண்மை. மரப்பட்டை, சணல் கழிவு, கந்தல் துணி, பழைய மீன்வலை இவற்றிலிருந்து செய்த காகிதத்தை அவர் அந்த ஆண்டு ஹான் பேரரசரிடம் காட்டினார். ஆனால் வடமேற்குச் சீனாவின் கான்சுவில் உள்ள ஃபாங்மாதான் கல்லறையில் வரைபடம் தீட்டிய காகிதத் துண்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அது கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

751-ல் அரபுப் படையும் சீனப் படையும் மோதிய தலாஸ் போரில் பிடிபட்ட சீனக் கைதிகள்தானே மத்திய ஆசிய நகரமான சமர்கந்துக்குத் தொழிலைக் கற்றுக் கொடுத்தார்கள்? இதில் என்ன சந்தேகம்?

போர் நடந்தது உண்மை. ஆனால் கைதிகள் கதையை நமக்குச் சொல்பவர் அரபு மொழி நூலாசிரியர் அத்-தஆலிபி. அவர் எழுதியது 11-ஆம் நூற்றாண்டில், ஏறக்குறைய 300 வருஷம் கழித்து.

எனக்குப் பெரிய சான்றாகத் தெரிவது வேறு. 1907-ல் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் மேற்குச் சீனாவின் துன்ஹுவாங் அருகே ஒரு காவல் கோபுரத்தில், சமர்கந்துப் பகுதி மக்களான சோக்தியர்களின் கடிதங்களைக் கண்டெடுத்தார். 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காகிதத்தில் எழுதியவை. அதில் ஒன்று சமர்கந்துக்கு அனுப்பியது, போய்ச் சேரவே இல்லை. ஆக, போருக்கு 400 ஆண்டுகள் முன்பே சமர்கந்து வணிகர்கள் காகிதத்தில் எழுதினார்கள். அதை அங்கேயே செய்தார்களா, கிழக்கிலிருந்து வாங்கினார்களா என்பதுதான் இன்னும் தீராத வழக்கு. கைதிகள் தொழிலை மேம்படுத்தியிருக்கலாம். அவர்கள்தான் தொடங்கினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி கொஞ்சம் விலகிப் போகிறது, மன்னிக்கவும். பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்து வீட்டில் காகிதம் செய்தேன். பேனா வைத்தாலே மை ஊறிப் பரவுகிறது.

விலகவே இல்லை, அரபு எழுத்தர்களுக்கும் இதே தேவைதான். சீனர்கள் தூரிகையால் எழுதினார்கள். மெல்லிய, மை உறிஞ்சும் தாள் அதற்குப் போதும். நாணல் பேனாவின் கூர்முனைக்கு அது ஆகாது. அதனால் மத்திய ஆசியாவிலும் பாக்தாதிலும் தாளுக்குக் கஞ்சி போட்டு, உலர்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்தார்கள். மூலப்பொருளும் மாறியது. சீனாவின் மல்பெரிப் பட்டைக்குப் பதில் லினன், சணல் கந்தல்கள் வந்தன.

உங்கள் தாள் நன்றாகக் காய்ந்ததும் மெல்லிய மாவுக் கஞ்சியில் முக்கி எடுத்து, தட்டையாக உலர்த்தி, ஸ்பூனின் முதுகால் தேய்த்துப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சற்று நேரம் முத்துப்போல் நிற்க வேண்டும். உடனே உள்ளே இறங்கினால் கஞ்சி பற்றவில்லை.

அவ்வளவு நல்ல தாள் என்றால் ஐரோப்பாவில் ஏன் நம்பவில்லை? மதம்தானே காரணம்?

மதமும் கொஞ்சம் இருந்திருக்கலாம், ஆனால் ஆவணம் நிலைக்குமா என்ற பயம் தெளிவாகத் தெரிகிறது. 1231-ல் புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் அதிகாரபூர்வப் பத்திரங்களைக் காகிதத்தில் எழுதக் கூடாது, தோலில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டார். கஞ்சித் தாள் ஈரமான ஊர்களில் பூஞ்சை பிடிக்கும், பூச்சி தின்னும். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் ஃபாப்ரியானோ ஊர்க்காரர்கள் கஞ்சியை விட்டு, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையைப் பூசினார்கள். கந்தலை இடிக்க நீர்ச்சக்கரத்தில் இயங்கும் உலக்கைகளையும் வைத்தார்கள். அந்தத் தாள்களில் பல இன்றும் மடித்தால் உடையாமல் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன.