ஆங்கிலத்தில் யாராவது பாராட்டினால் என்ன பதில் சொல்வது?

கேள்வி: ஆபீஸில் யாராவது ஆங்கிலத்தில் பாராட்டினால் 'நோ நோ, நத்திங்' என்று உளறிவிடுகிறேன். வெறும் 'தேங்க் யூ' சொன்னால் திமிராகத் தெரியுமோ என்று பயம். நான் பிறரைப் பாராட்டினாலும் செயற்கையாக இருக்கிறது. எப்படிப் பேசுவது?

திமிராகத் தெரியாது. ஆங்கிலத்தில் 'தேங்க் யூ' மட்டுமே முழுமையான பதில்தான். சங்கடம் உண்டாக்குவது 'நோ நோ'தான். அதைச் சொல்லும்போது, பாராட்டியவரின் கணிப்பு தவறு என்று அவரிடமே மறுக்கிறீர்கள். அவர் 'நோ, ரியலி, இட் வாஸ் குட்' என்று இரண்டாம் தடவை வாதாட வேண்டிவருகிறது. உங்கள் பதிலைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் 'ரியலி' என்று ஆரம்பித்தால், பதில் பிசகிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தத் தடுமாற்றம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. உரையாடல் ஆய்வாளர் அனிதா பொமெரான்ட்ஸ் 1978-இல் எழுதிய கட்டுரையில், பாராட்டைக் கேட்பவர் இரண்டு பக்கமும் இழுக்கப்படுவதைக் காட்டினார். சொன்னவரோடு ஒத்துப்போக வேண்டும். தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளவும் கூடாது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இதில் சிக்குகிறார்கள். 'தேங்க் யூ' இந்தச் சிக்கலை அவிழ்த்துவிடுகிறது. பாராட்டை வாங்கிக்கொள்கிறது, ஆனால் 'ஆமாம், நான் கெட்டிக்காரன்' என்று சொல்வதில்லை.

அதோடு நின்றுவிட்டால் பேச்சு அறுந்துவிடும் என்று தோன்றினால், ஒரே ஒரு வாக்கியம் சேருங்கள். அது உங்களைப் பற்றி இல்லாமல் வேலையைப் பற்றி இருக்கட்டும். மேலாளர் 'தட் வாஸ் எ ரியலி க்ளியர் பிரசன்டேஷன்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'தேங்க் யூ. ஐ ஸ்பென்ட் எ லாட் ஆஃப் டைம் ஆன் தி சார்ட்ஸ், ஸோ ஐ ஆம் க்ளாட் தே ஹெல்ப்ட்' என்று சொல்லலாம். இதில் பெருமையும் இல்லை, பொய்யான பணிவும் இல்லை. உழைத்தது உண்மை, மகிழ்ச்சியும் உண்மை. 'தேங்க்' என்ற சொல்லை அழுத்தி, குரலை இறக்கி முடியுங்கள். கடைசியில் குரல் ஏறினால், 'நிஜமாகவா?' என்று சந்தேகப்படுவதுபோல் கேட்கும்.

இதே பதில் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சட்டை நன்றாயிருக்கிறது என்று நண்பர் சொன்னால், உழைப்பைப் பற்றிப் பேச அங்கே ஒன்றுமில்லை. 'தேங்க்ஸ், மை சிஸ்டர் பிக்ட் இட்' போதும். லிஃப்டில் முன்பின் தெரியாதவர் சொன்னால் ஒரு 'தேங்க் யூ', ஒரு புன்னகை, அவ்வளவுதான். 'யூ லுக் கிரேட்' என்பதற்கு 'ஸோ டூ யூ' என்று உடனே திருப்பித் தருவது விருந்துகளில் சகஜம். ஆனால் உங்கள் பிரசன்டேஷனைப் பாராட்டியவரிடம் 'யுவர்ஸ் வாஸ் ஆல்ஸோ குட்' என்றால் கடன் அடைப்பதுபோல் இருக்கும். அவரைப் பாராட்ட நினைத்தால் வேறொரு சமயத்தில், தனியாகச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அங்கே 'இட் வாஸ் நத்திங்' என்று சொன்னால், வேலை நிஜமாகவே எளிதாக இருந்ததாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

பாராட்டுவதற்கு அலங்காரச் சொற்கள் வேண்டியதில்லை. மேன்ஸ், உல்ஃப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கர்களின் அன்றாடப் பேச்சிலிருந்து பாராட்டுகளைத் திரட்டி 1981-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றில் ஏறத்தாழ 85 சதவீதம் மூன்றே வாக்கிய அமைப்புகளில் அடங்கிவிட்டன: 'யுவர் ரிப்போர்ட் இஸ் ரியலி குட்', 'ஐ லைக் யுவர் ரிப்போர்ட்', 'தட்ஸ் எ குட் ரிப்போர்ட்' போன்றவை. ஆக, வாக்கியம் சாதாரணமாகவே இருக்கட்டும். பாராட்டும் பொருள்தான் துல்லியமாக இருக்க வேண்டும். 'யூ ஆர் ஸோ டேலன்டட்' என்றால் கேட்பவருக்குப் பதில் சொல்ல வழியில்லை. 'ஐ லைக்ட் ஹவ் யூ எக்ஸ்ப்ளெயின்ட் தி டிலே' என்றால் அவர் அதைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடரலாம். செயற்கைத்தனம் போவதும் இப்படித்தான்.

சில சின்னச் சொற்கள் பாராட்டைக் கெடுத்துவிடும். 'யூ லுக் குட் டுடே' என்பதில் 'டுடே'யை அழுத்தினால் மற்ற நாளெல்லாம் எப்படி என்ற கேள்வி எழும். 'ஆக்சுவலி, தட் வாஸ் குட்' என்றால் நீங்கள் எதிர்பார்க்கவே இல்லை என்று பொருள். பாராட்டிய கையோடு உதவி கேட்பதும் வேண்டாம்; சொன்னதெல்லாம் அதற்கான முன்னுரையாகிவிடும்.

மறுத்தே ஆக வேண்டிய இடமும் ஒன்று உண்டு. வேறொருவர் செய்த வேலைக்கு உங்களைப் பாராட்டினால், 'தேங்க் யூ, பட் மை கொலீக் ரோட் தட் பார்ட்' என்று அந்த இடத்திலேயே, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். கூட்டம் முடிந்தபின் மேலாளரிடம் மட்டும் போய்ச் சொன்னால், கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் அதை உங்கள் வேலையாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.