வெயிலடிக்கும்போது புல், காற்றடிக்கும்போது நெல்

கேள்வி: "தமிழ்ப் பழமொழிக்கு இணையான ஆங்கிலப் பழமொழி என்று பள்ளியில் ஜோடி ஜோடியாகப் படித்தோம். அவை உண்மையிலேயே ஒரே பழமொழிகள்தானா? உவமை மட்டும் ஏன் இவ்வளவு மாறுகிறது?"

அந்தப் பட்டியலில் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு ஜோடியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "காற்றுள்ள போதே தூற்றிக்கொள்." அதற்கு எதிரே "மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்", அதாவது வெயிலடிக்கும்போதே புல்லைக் காயவைத்துக்கொள். வாய்ப்பு இருக்கும்போதே பயன்படுத்திக்கொள் என்பதுதான் இரண்டுக்கும் பொருள். ஆனால் அங்கே வெயில், இங்கே காற்று. அந்தந்த ஊர் விவசாயிக்கு எது கிடைக்காமல் போகும் என்ற பயம் இருந்ததோ, அதுதான் பழமொழியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தூற்றுவதை நேரில் பார்த்தவர்கள் இப்போது குறைவு. மன்னார்குடிப் பக்கம் எங்கள் பெரியப்பா களத்தில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அறுத்த கதிரை அடித்து, வைக்கோலை உதறி ஒதுக்கிய பிறகு களத்தில் கிடப்பது நெல்லும் பதரும் தூசியும் கலந்த குவியல். அதை முறத்தில் அள்ளித் தலைக்கு மேலே தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சரியவிட வேண்டும். முற்றிய நெல் கனம் என்பதால் காலடியிலேயே விழும். அரைகுறையாகப் பால் பிடித்த கருக்காய் சற்றுத் தள்ளி விழும். உள்ளே ஒன்றுமில்லாத பதர் பறந்து அப்பால் போய்விடும். பெரியப்பா முதலில் ஒரு பிடி தூசியை எடுத்து உயரத்திலிருந்து விட்டுப் பார்ப்பார். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பார்த்துத்தான் நிற்கும் இடம் முடிவாகும்.

இதில் எல்லாம் காற்றின் கையில்தான். காற்று நின்றால் பதரும் நெல்லோடு நேராகக் கீழே விழும், பிரித்ததெல்லாம் மறுபடி கலந்துபோகும். ரொம்ப வேகமாக அடித்தாலும் ஆபத்து, நல்ல நெல்லும் பதர்ப் பக்கம் போய்விடும். தூற்றாத நெல்லைக் களத்திலேயே போட்டுவைக்கவும் முடியாது. ராத்திரி பனி இறங்கும், எலி வரும், ஆள் படுத்துக் காவல் காக்க வேண்டும். அதனால் காற்றுக்காகக் காத்திருப்பார்கள். நல்ல காற்று வருவது சில மணி நேரமாகத்தான் இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கூடக் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவார்கள். "காத்து வந்துருச்சு, முறத்தை எடுங்கடா" என்று பெரியப்பா கத்தும் குரல் இன்னும் காதில் இருக்கிறது. பழமொழியில் உள்ள அந்த "போதே"வின் அவசரம் எனக்கு அந்தக் குரலில்தான் புரிந்தது.

சரி, இங்கிலாந்துக்கு வருவோம். ஜான் ஹேவுட் 1546-ல் வெளியிட்ட பழமொழித் திரட்டிலேயே இந்தப் புல் பழமொழி இருக்கிறது. அங்கே கோடையில், ஜூன் ஜூலை வாக்கில், புல்வெளியை அறுத்து அப்படியே பரப்பிவிடுவார்கள். ஈரமாக இருக்கும் புல்லைத் திருப்பித் திருப்பிப் போட்டு, சில நாள் வெயிலில் காயவைத்து, அப்புறம்தான் போராக அடுக்குவார்கள். நடுவில் ஒரு மழை பெய்தால் புல்லின் சத்து வீணாகும். சரியாகக் காயாமல் அடுக்கினால் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் ஈரத்தில் நுண்ணுயிர்கள் வேலை செய்து சூடு ஏறி, போர் தானாகவே தீப்பிடித்த சம்பவங்களும் உண்டு. மாடு, குதிரை, ஆடு எல்லாம் குளிர்காலத்தைத் தாண்டுவதற்கு அந்தக் காய்ந்த புல்தான் தீனி. அதற்கு வேண்டியது தொடர்ச்சியாகச் சில நாள் வெயில், அந்த நாட்டில் அதை நம்பி இருக்க முடியாது.

நமக்கு வெயிலைப் பற்றி அந்தப் பதற்றமே கிடையாது. "நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்று வெயிலைக் கஷ்டத்துக்கு அடையாளமாக வைத்திருக்கிறோம். நம் களத்துக்காரரிடம் போய் வெயில் இருக்கும்போதே வேலையை முடி என்று சொன்னால், வெயில் எங்கே போய்விடப் போகிறது என்றுதான் கேட்பார்.

இங்கே ஒரு தவறைச் சொல்லியே ஆகவேண்டும். சில மொழிபெயர்ப்புகளில் "வெயில் அடிக்கும்போதே வைக்கோலைக் காயவை" என்று எழுதியிருப்பார்கள். 'ஹே' வைக்கோல் அல்ல. வைக்கோல் என்பது நெல்லை எடுத்த பிறகு மிஞ்சும் தாள், ஆங்கிலத்தில் அதற்கு 'ஸ்ட்ரா' என்று தனிப் பெயர். 'ஹே' என்பது தீனிக்காகவே அறுத்து உலர்த்திய புல். வைக்கோல் என்று போட்டதும், நெல் வீட்டுக்கு வந்துவிட்டது, மிச்சத்தைக் காயவைப்பதற்கு என்ன அவசரம் என்று நமக்குத் தோன்றிவிடும். பழமொழியின் உயிரே போய்விடுகிறது. ஒரு மொழிபெயர்ப்பில் இந்த மாதிரி அவசரம் காணாமல் போயிருந்தால், பொருளுக்குத் தவறான பெயர் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சொல் அமைப்பிலும் ஒரு வித்தியாசம். நம்முடையது "தூற்று" என்று நிற்கவில்லை, "தூற்றிக்கொள்" என்கிறது. அந்தக் 'கொள்' உனக்காகச் செய்துகொள் என்ற பொருளைச் சேர்க்கிறது. பதவியில் இருக்கும்போதே சொத்து சேர்ப்பவரைப் பற்றிப் பேசும்போது இந்தப் பழமொழி அவ்வளவு இயல்பாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எல்லா ஜோடியும் இப்படி வயலிலிருந்து வந்ததில்லை. வியாபாரத்திலிருந்து வந்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பொருள் மலிந்து கிடக்கும் இடத்துக்கே அதைக் கொண்டுபோவதை ஆங்கிலத்தில் "நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது" என்பார்கள். நியூகாசில் டைன் ஆற்றங்கரை ஊர். சுற்றிலும் அந்தக் காலத்தில் சுரங்கங்கள் இருந்தன. அங்கிருந்து கப்பலில் லண்டன் போன நிலக்கரிக்குக் 'கடல் கரி' என்றே பெயர். நாம் சொல்வது "கொல்லன் தெருவில் ஊசி விற்பது". இது மிகப் பழையது. பழமொழி நானூற்றில் "கொல்சேரித் துன்னூசி விற்பவர் இல்" என்று வருகிறது. துன்னூசி என்றால் தையல் ஊசி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் சொல்வது வரைபடத்தில் காட்டக்கூடிய ஓர் ஊரை, ஒரு கனிமத்தை. நம்முடையது எந்த ஊரிலும் இருந்த ஒரு தெருவை. ஊசி அடிப்பவனிடமே ஊசி விற்கப் போகிறவனின் அறியாமை அதில் தெரிகிறது, கொஞ்சம் அவன் திமிரும் தெரிகிறது. நியூகாசில் பழமொழியில் அந்த ஆள் இல்லை, வீணாகும் சுமைகூலிதான் இருக்கிறது. அதனால் தெரிந்தவரிடமே வித்தை காட்டுகிறவனைச் சொல்வதற்குக் கொல்லன் தெருதான் சரி, நியூகாசில் அங்கே அவ்வளவாகப் பொருந்தாது.

இன்று கொல்லன் தெரு இருக்கும் ஊர் குறைந்துவிட்டது. என் மகளிடம் இந்தப் பழமொழியைச் சொன்னால் முதலில் கொல்லன் யார் என்று விளக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அவள் தோழிகளுக்குள் "திருநெல்வேலிக்கே அல்வாவா?" என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே கேட்டுக்கொள்கிறார்கள். ஊர் பெயர், அந்த ஊரின் சரக்கு என்று அது நியூகாசில் அச்சிலேயே நிற்கிறது. வாத்தியார் இந்த ஜோடியைப் பட்டியலில் போட்டிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.