வயதைத் துல்லியமாகக் கணக்கிடுதல்: மாதக் கடைசியில் பிறந்தவர்கள் கேட்டவை

கயல்: பிறந்த தேதி 31-08-1990. 01-03-2023 அன்று வயது கேட்டால், எக்செல்லில் DATEDIF சார்பில், வருடமும் மாதமும் போக மிச்ச நாட்களைத் தரும் "MD" −2 என்கிறது. ஏன்?

1-லிருந்து 31-ஐக் கழிக்க முடியாது. அதனால் முந்தைய மாதமான பிப்ரவரியின் 28 நாளைக் கடன் வாங்குகிறது. 29 ஆகியும் 31-க்குப் போதவில்லை, −2 மிஞ்சுகிறது. "MD"-ஐத் தவிர்க்கும்படி மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது.

கழிப்பதை விட்டுவிட்டு முன்னோக்கி எண்ணுங்கள். 31-08-2022 அன்று 32 வருடம் நிறைகிறது. அங்கிருந்து ஆறாவது மாதம் பிப்ரவரி 31 அன்று முடிய வேண்டும். அப்படி ஒரு தேதி இல்லாததால் மாதக் கடைசியான 28-இல் நிறுத்துகிறோம். மார்ச் 1 வரை மிச்சம் ஒரு நாள். ஆக 32 வருடம், 6 மாதம், 1 நாள்.

செல்வம்: 28-இல் நிறுத்திவிட்டால், அடுத்த மாதம் மார்ச் 28-இல்தானே நிறையும்?

28-இல் நிறுத்தியது சரி. ஆனால் அங்கிருந்து தொடரக் கூடாது. ஒவ்வொரு மாதத்தையும் பிறந்த தேதியான 31-லிருந்தே எண்ண வேண்டும். ஏழாவது மாதம் மார்ச் 31-இல்தான் நிறையும். மார்ச் 30 அன்று சரியான விடை 6 மாதம் 30 நாள். நீங்கள் சொன்னபடி போனால் 7 மாதம் 2 நாள் வரும். நிரல் எழுதுபவர்கள் ஒவ்வொரு மாதமாகக் கூட்டிக்கொண்டே போகும்போது இந்தப் பிழைதான் நுழைகிறது. மார்ச் 30-ஐக் கொடுத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

முத்து: பிப்ரவரியில் 31 வரவே இல்லை, பிறகு ஆறாவது மாதம் எப்படி நிறையும்? ஜனவரி 31-லிருந்து எண்ணி 5 மாதம் 29 நாள் என்பேன்.

அதுவும் ஒரு நேர்மையான கணக்குதான், தவறென்று சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்தது முதல் முறை. அதில் எந்த மாதமும் விடுபடாது. எதை எடுத்தாலும் ஒரே பட்டியலில் இரண்டையும் கலக்காதீர்கள்.

தேவி: மொத்த நாளை 365.25-ஆல் வகுத்தால் போதாதா?

சராசரி வயதுக்குப் போதும். 01-03-2001-இல் பிறந்த குழந்தையின் முதல் பிறந்தநாளில் 365-ஐ வகுத்தால் 0.999 வரும், முழு எண்ணாக வெட்டினால் வயது 0.

அமுதா: நான் 29-02-2004. 18 நிறைந்தது 2022 பிப்ரவரி 28-இலா, மார்ச் 1-இலா?

கணக்கால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. மேலே சொன்ன மாதக் கடைசி விதிப்படி பிப்ரவரி 28. முழு வருடங்களை எண்ணும் DATEDIF-ன் "Y" மார்ச் 1 வரை காத்திருக்கும். சட்டங்களும் அப்படியே பிரிந்து நிற்கின்றன: ஹாங்காங்கில் மார்ச் 1, தைவானில் பிப்ரவரி 28. வயது வரம்புள்ள விண்ணப்பம் என்றால் அதற்குரிய சட்டத்தைப் பாருங்கள். 2024 போன்ற லீப் வருடத்தில் இந்தக் கேள்வியே எழாது, 29-ஆம் தேதிதான். 2096-இல் இதே தேதியில் பிறப்பவருக்கு 2100 லீப் வருடம் அல்ல. அடுத்த 29-ஆம் தேதி 2104-இல்தான் வரும்.